ரஸ்ஸலின் இல்லாத கல்லறையும் சிசரோவின் மறைந்த நூலகரும்: வாசிப்புச் சுவர் ஒன்றுக்கு வாசகம் தேடியபோது

காக்ஸ் டவுனில், தம்புச்செட்டி சாலைக்குச் சற்று உள்ளே, பதின்பருவ மாணவர்களுக்கென ஒரு சிறிய வாசிப்பறை உருவாகிவருகிறது. இரண்டு அலமாரிகள், ஒரு நீண்ட பெஞ்சு, வெள்ளையடித்த ஒரு சுவர். அவ்வளவுதான். அந்தச் சுவரில் எழுதுவதற்கு வாசிப்பைப் பற்றிய ஐந்தாறு பொன்மொழிகளைத் தெரிவு செய்து தருமாறு அதை நடத்தும் நண்பர்கள் என்னிடம் கேட்டனர். நூலக வரலாற்றில் ஆய்வு செய்பவனுக்கு அரைமணி நேர வேலை என்றே நானும் எண்ணினேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் கற்றதை ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே சற்று விரிவாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் என் கைக்கு வந்தது, தமிழ் வாசகர் அனைவரும் அறிந்த ஒரு பட்டியல். உலகப் புத்தக நாள் தோறும் கைப்பேசிகளில் உலவுவது. பள்ளி நூலகச் சுவர்களிலும் புத்தகக் கண்காட்சி வாயில்களிலும் பதாகையாகத் தொங்குவது. காந்தியிடம் ஒரு கோடி ரூபாய் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். நூலகம் கட்டுவேன் என்றாராம். நேருவைத் தனித்தீவுக்கு நாடு கடத்தினால் புத்தகங்களுடன் மகிழ்ச்சியாக இருப்பாராம். சார்லி சாப்ளின் ஒவ்வொரு படத்தின் முன்பணத்திலும் நூறு டாலருக்கு நூல்கள் வாங்குவாராம். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தம் கல்லறையில் இங்கே ஒரு புத்தகப் புழு உறங்குகிறது என்று எழுதச் சொன்னாராம். பகத்சிங் தூக்குமேடைக்குச் செல்லும் நேரம் வரை படித்துக்கொண்டிருந்தாராம்.

இந்தப் பட்டியலை அந்த அறைக்கு வரும் மாணவர் சிலரிடமே கொடுத்து, எதைச் சுவரில் எழுதலாம் என்று கேட்டோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, ரஸ்ஸல் கல்லறை எங்க இருக்கு? போட்டோ இருந்தா அதையும் பக்கத்துல ஒட்டலாமே" என்றாள். நல்ல யோசனை என்று தேடத் தொடங்கினேன். அங்கேயே பட்டியல் உடைந்தது.

ரஸ்ஸலுக்குக் கல்லறை இல்லை. அவர் 1970 பிப்ரவரி 2 அன்று வேல்ஸில் தம் இல்லத்தில் காலமானார். அவரது உடல் சமயச் சடங்கு எதுவுமின்றி எரியூட்டப்பட்டு, சாம்பல் வேல்ஸ் மலைகளின்மீது தூவப்பட்டது. எழுதச் சொன்னதாகக் கூறப்படும் கல்லே நடப்படவில்லை. எப்போதோ விளையாட்டாகச் சொல்லியிருக்கலாமே என்று வாதிடலாம். ஆனால் அப்படியொரு பேச்சுக்கு எந்த நூலையும் எந்த உரையையும் எந்த நாளையும் யாரும் சுட்டியதாக நான் காணவில்லை. கடிதங்களும் தன்வரலாறும் பெருமளவில் அச்சேறிய ஒருவரைப் பற்றிய செய்தி, தமிழ்ப் பட்டியலில் மட்டும் வாழ்கிறதென்றால், அதைச் சுவரில் ஏற்றுவதற்கு நமக்கு உரிமையில்லை.

இங்கே மொழி சார்ந்த ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மேலே உள்ள செய்திகள் பெரும்பாலும் "ஆம்" என்ற ஈற்றோடு முடிகின்றன: கேட்டாராம், சொன்னாராம், வாங்குவாராம். செவிவழிச் செய்தியை அறிவிக்கத் தமிழ் வைத்திருக்கும் நேர்மையான இலக்கணம் இது. நான் கண்டதில்லை, கேள்விப்பட்டேன் என்பதை ஒரே ஈற்றில் சொல்லிவிடுகிறோம். ஆனால் செய்தி கைப்பேசியிலிருந்து சுவருக்கு ஏறும்போது முதலில் உதிர்வது இந்த "ஆம்"தான். கூற்று நேர்க்கூற்றாகிறது, இரு பக்கமும் மேற்கோள் குறி வருகிறது, கீழே ஒரு கோடிட்டுப் பெயர் எழுதப்படுகிறது. கேள்விப்பட்டது சான்றாக மாறும் இடம் இந்தக் கோடே. பதினான்கு வயது மாணவர் ஒருவர் அதைத் தம் கட்டுரைப் போட்டியில் எழுதுவார், நடுவர் பாராட்டுவார், அடுத்த ஆண்டு அந்தப் பரிசுக் கட்டுரையே சான்றாகும்.

ஆயினும் பட்டியல் முழுவதும் பொய் என்று ஒதுக்குவதும் சோம்பலே. பகத்சிங் பற்றிய செய்தி சோதனைக்கு நின்று பிடிக்கிறது. லாகூர்ச் சிறையில் 1929 செப்டம்பரில் அவருக்குத் தரப்பட்ட 404 பக்கக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. 1994இல் அச்சிலும் வந்தது. மார்க்ஸ், எங்கெல்ஸ், தாமஸ் பெயின், அப்டன் சிங்க்ளேர் முதலியோரைப் படித்து அவர் எடுத்த குறிப்புகள் அதில் நிறைந்துள்ளன. 1931 மார்ச் 23 அன்று, தூக்கிலிடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, வழக்கறிஞர் பிராண்நாத் மேத்தா அவரைச் சந்தித்து லெனினைப் பற்றிய நூலொன்றைக் கொடுத்தது குறித்த நினைவுக் குறிப்பும் உண்டு. ஆக, ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாக நிற்கும் இரு செய்திகளுள் ஒன்றுக்குச் சான்றாவணம் இருக்கிறது. மற்றொன்றுக்கு, கல் இருக்க வேண்டிய இடத்தில் மலைக்காற்று இருக்கிறது. பட்டியல் இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சிடுகிறது. சுவரும் அப்படியே செய்தால், மெய்யான பகத்சிங்கும் ஐயத்துக்கு உள்ளாவார்.

அடுத்து, ஐரோப்பிய வாசகங்களில் மிகுதியாகச் சுவரேறிய ஒன்றை எடுத்துக்கொண்டேன். நூல்கள் இல்லாத அறை, உயிர் இல்லாத உடலுக்கு ஒப்பானது என்ற கருத்து அது. உரோமானியப் பேச்சாளர் சிசரோவின் பெயரில் வழங்குவது. இது பொய்யா மெய்யா என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை இல்லை. ஆனால் இதற்கு ஒரு பயணம் உண்டு. அந்தப் பயணமே நமக்குப் பாடம்.

சிசரோ கி.மு. 58இல் நாடு கடத்தப்பட்டார். அவருடைய வீடுகள் சூறையாடப்பட்டன, நூல்களும் சிதறின. மறு ஆண்டு திரும்பி வந்தவர், கி.மு. 56 அளவில் ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்த தம் இல்லத்தில் எஞ்சிய சுருள்களை ஒழுங்குபடுத்த முனைந்தார். அதற்குத் துணை வந்தவர் திரானியோ என்ற கிரேக்க இலக்கண அறிஞர். போரில் பிடிபட்டு உரோமுக்குக் கொண்டுவரப்பட்டவர். பின்னர் நூல் தொகுப்புகளை ஒழுங்கு செய்வதில் புகழ்பெற்றவர். சிசரோவின் நண்பர் அட்டிகஸ், சுருள்களை ஒட்டவும் அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு இணைக்கவும் தம் அடிமைகளுள் இருவரை அனுப்பிவைத்தார். தியோனிசியஸ், மெனோஃபிலஸ் என்பன அவர்கள் பெயர்கள். வேலை முடிந்ததும் சிசரோ அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். திரானியோ நூல்களை அடுக்கிக் கொடுத்த பிறகு தம் வீட்டுக்கே ஓர் அறிவு வந்து சேர்ந்தது போலிருக்கிறது என்பது அதில் உள்ள கருத்து. நண்பர் அனுப்பிய இருவரின் உழைப்பையும் அதே மூச்சில் வியந்து எழுதுகிறார்.

ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து, 1887இல், இலண்டனைச் சேர்ந்த ஜான் லப்பக் தம் கட்டுரை நூலில் இதைக் கையாண்டார். அவர் வங்கியாளர், அறிவியலாளர், நாடாளுமன்ற உறுப்பினர். இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் 1871இல் வருவதற்குக் காரணமானவர். உழைக்கும் மக்களுக்குப் படிக்க ஓய்வு வேண்டும் என்று உண்மையாகவே பாடுபட்டவர். அவர் சிசரோவை மேற்கோள் குறிக்குள் வைக்கவில்லை. நூலற்ற அறையை உயிரற்ற உடலாகச் சிசரோ கருதினார் என்று தம் சொற்களில் சுருக்கிச் சொன்னார். அந்த நூல் பல பதிப்புகள் கண்டது. பின்வந்த பொன்மொழித் தொகுப்புகள் லப்பக்கின் பெயரை நீக்கிவிட்டு, அவருடைய சுருக்கத்தைச் சிசரோவின் வாயில் வைத்தன.

இந்தப் பயணத்தில் தொலைந்தது என்ன? தொலைந்தவர் நூலகர். மூலக் கடிதத்தில், நூல்கள் வீட்டில் கிடந்ததால் வீட்டுக்கு அறிவு வந்துவிடவில்லை. அவை முன்பும் அங்கேதான் சிதறிக் கிடந்தன. ஒருவர் வந்து வகைப்படுத்தி, இருவர் ஒட்டிச் சீட்டிட்ட பிறகே வந்தது. சுருக்கத்தில் திரானியோ இல்லை, அடிமைகள் இருவரும் இல்லை, சீட்டுகளும் இல்லை. அறையும் நூலும் மட்டுமே எஞ்சின. பொன்மொழி என்பது பெரும்பாலும் இவ்வாறே உருவாகிறது: உழைத்தவர் பெயர் உதிர்ந்து, உடைமையாளர் பெயர் நிலைக்கிறது. நூலக வரலாற்று மாணவர்கள் இதைச் சற்று நின்று நோக்க வேண்டும். நாம் தேடிச் செல்லும் மனிதர்களைத்தான் இவ்வகை வாசகங்கள் முதலில் அழிக்கின்றன.

நூலகச் சுவர் வாசகம் என்ற வழக்கமே இத்தகைய கேள்விப்பட்ட செய்தியில்தான் தொடங்குகிறது என்பதும் வியப்புக்குரியது. எகிப்தின் தீப்ஸ் நகரில் இரண்டாம் இராம்சேஸ் மன்னனின் நினைவுக் கோயிலில் ஒரு நூலகம் இருந்ததென்றும், அதன்மேல் உள்ளத்துக்கு மருந்தகம் என்ற பொருள்படும் எழுத்துகள் இருந்தன என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதுகிறார். அவர் வாழ்ந்தது கி.மு. முதல் நூற்றாண்டு. அவருக்கு ஆதாரம், கி.மு. 300 அளவில் எழுதிய ஹெகடேயஸ். அந்த மன்னன் இறந்ததோ கி.மு. 1213 அளவில். எழுதியவருக்கும் மன்னனுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. நடுவில் ஒரு சாட்சி. அவர் மொழியும் வேறு. ஆனாலும் அந்தக் கிரேக்கச் சொற்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலக வாயிலில் எழுதப்பட்டன. இன்றும் அங்கே உள்ளன. எகிப்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட வாசகம், மெய்யாகவே கண்ணுக்குத் தெரிவது ஐரோப்பிய மடம் ஒன்றின் வாயிலில்.

இவ்வளவும் படித்தபின் சுவருக்கு எதை எழுதுவது? இங்கே பெங்களூரே ஒரு விடையை வைத்திருந்தது.

சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், 1957 முதல் பெங்களூரில் வாழ்ந்தார்; 1972இல் இங்கேயே காலமானார். 1962இல் இந்நகரில் ஆவணமாக்க ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965ஆம் ஆண்டின் மைசூர் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருந்தது. இன்று இந்நகரின் பேட்டைதோறும் இருக்கும் அரசுக் கிளை நூலகங்கள் அந்தச் சட்டத்தின் வழிவந்தவையே. கன்டோன்மென்ட் பகுதித் தமிழர்களுக்கு அவர் இரு வகையிலும் உரியவர்: பிறப்பால் தமிழ்நாட்டுக்கும், இறுதிப் பணியால் இந்நகருக்கும்.

அவர் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகறிந்தவை. அவற்றைச் சுவர் வாசகமாக எண்ணிப் பார்த்தபோதுதான் ஒரு வேறுபாடு புலப்பட்டது. வழக்கமான பொன்மொழி, படிக்காதவரைப் பார்த்துப் பேசுகிறது. படி, படித்தவர் உயர்ந்தார், படிக்காத வீடு பாழ் என்கிறது. கேட்கும் பதின்பருவத்தினருக்கு அது இன்னொரு அறிவுரை. நாளெல்லாம் கேட்பவற்றுள் ஒன்று. அரங்கநாதனின் விதிகளோ நூலகத்தைப் பார்த்துப் பேசுகின்றன. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்கிறது முதல் விதி. அப்படியானால் அலமாரிக்குப் பூட்டு கூடாது. மாணவர் வரும் மாலை நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். எட்டாத உயரத்தில் அடுக்கக் கூடாது. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு என்கிறது இரண்டாம் விதி. அப்படியானால் இங்கே காமிக்ஸும் இருக்க வேண்டும், கிரிக்கெட்டும் இருக்க வேண்டும். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காம் விதி. சிசரோவின் வீட்டில் ஒட்டப்பட்ட சீட்டுகள் இங்கே வந்து சேர்கின்றன.

இன்னொரு செய்தியும் உண்டு. என்னை மிகவும் தொட்டது அதுவே. முதல் விதியின் சொற்றொடர் தம்முடையதன்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்டு ராஸ் 1928இல் ஓர் உரையாடலில் சொன்னது என்று அரங்கநாதன் தாமே பதிவு செய்துள்ளார். நூலகத்துறையே தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒரு சொற்றொடருக்கு உரியவர் யார் என்பதை, அதனால் பெரும்புகழ் பெற்றவரே அறிவிக்கிறார். சிசரோவின் கடிதத்தில் நேர்ந்ததற்கு நேர் எதிரான செயல் இது.

எனவே நண்பர்களிடம் மூன்று நெறிகளை முன்வைத்தேன். முதலாவது, எந்த வாசகத்தின் கீழும் பெயர் மட்டும் நிற்கக் கூடாது. எந்த நூலில் அல்லது எந்தக் கடிதத்தில், எந்த ஆண்டில் என்பதும் நிற்க வேண்டும். அதைச் சொல்ல இயலாவிட்டால், பெயரை நீக்கி "ஆம்" ஈற்றோடு எழுதலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. இந்நெறியில் நம் குறள் எளிதாகத் தேறுகிறது. கல்வி அதிகாரத்தில் மணற்கேணியை உவமையாக்கும் குறளுக்கு 396 என்ற எண்ணே முகவரி. ஐயம் கொண்ட மாணவர் எந்தப் பதிப்பிலும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். சரிபார்க்க இயலும் வாசகமே படிக்கத் தூண்டும் வாசகம். சுவரிலிருந்து அலமாரிக்கு அது வழிகாட்டுகிறது.

இரண்டாவது, மொழி. காக்ஸ் டவுனில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் கற்பவர்கள். தமிழைப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டத் தடுமாறுவார்கள். தமிழில் மட்டும் எழுதிய சுவர், அவர்களுடைய பெற்றோருக்கே பேசும். ஆகவே குறளைத் தமிழ் எழுத்தில் பெரிதாகவும், அதன் ஒலிப்பைக் கன்னட எழுத்தில் கீழே சிறிதாகவும் எழுதலாம் என்றேன். படிக்கத் தெரிந்த எழுத்தின் வழியே, பேசத் தெரிந்த மொழியின் எழுத்துக்குப் போகட்டும்.

மூன்றாவது, அளவு. பத்தடி தூரத்திலிருந்து தடையின்றிப் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரமேனும் வேண்டும் என்பது பெயர்ப்பலகை எழுதுவோரின் பொதுக் கணக்கு. தமிழில் மேலே விலங்கும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கு இடையே கூடுதல் இடம் தேவை. அறையின் நீளம் இருபதடி. ஆக இரண்டு அங்குல எழுத்து. ஒரு வாசகத்துக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் இடமில்லை. இந்தக் கணக்கைப் போட்டதும் நாங்கள் தெரிவு செய்த ஆறு வாசகங்கள் தாமே மூன்றாகச் சுருங்கின.

முடிவில் சுவருக்கென்று உறுதியானவை மூன்று. ஒன்று, 396ஆம் குறள். இரண்டு, அரங்கநாதனின் முதல் விதி. அதன் கீழே ராஸின் பெயர், அதற்கும் கீழே அரங்கநாதனின் பெயர், 1928, 1931 என இரு ஆண்டுகள். மூன்றாவதாகப் பகத்சிங்கின் பெயரில் பொன்மொழி எதுவும் வேண்டாம் என்று மாணவர்களே சொன்னார்கள். அவர் சிறைக் குறிப்பேட்டில் இருந்த பக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதச் சொன்னார்கள்: 404. கீழே லாகூர்ச் சிறை, 1929. பார்ப்பவர் என்னவென்று கேட்பார்கள் அல்லவா என்பது அவர்கள் கணக்கு.

ரஸ்ஸலின் கல்லறையைக் கேட்ட மாணவி மட்டும் அரைமனத்தோடு இருந்தாள். புத்தகப் புழு வாசகம்தான் இருப்பதிலேயே சிரிக்க வைத்தது என்பது அவள் வாதம். அதில் நியாயம் உண்டு. அலமாரியின் பக்கவாட்டில் அதற்கும் சிறிது இடம் ஒதுக்கியிருக்கிறோம். அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள்: பெயர் இல்லாமல், மேற்கோள் குறி இல்லாமல், "ஆம்" ஈற்றோடு.

உங்கள் கல்லூரி நூலகச் சுவரில் உள்ள வாசகம் எது? அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது? மூலம் தேடிப் பார்த்தவர்கள், கண்டதையும் காணாததையும் பின்னூட்டத்தில் தெரிவித்தால் தொகுத்து வைத்துக்கொள்வேன்.